தூளுக்கும் எடை உண்டு

கோவை கணபதிப் பகுதியில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு ஆலையின் ஸ்டோர்ஸுக்குப் போனபோது, தராசின் மேல் பித்தளைத் தூள் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. வெளியே ஒரு லேத் பட்டறைக்குக் கடைசலுக்குக் கொடுத்த 500 கிலோ கம்பி, புஷ்ஷாகவும் கழிவாகவும் திரும்பி வந்திருந்தது.

ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சலானை எடுத்துக் காட்டினார். ஒரு புஷ்ஷுக்கு 106 கிராம் கம்பி பிடிக்கும். கடைந்து முடித்தால் 62 கிராம். மீதி 44 கிராம் தூளாகப் போகும். வந்தவை 4,550 புஷ்கள். அவற்றின் எடை 282.1 கிலோ. கம்பிகளின் கடைசியில் பிடிமானத்துக்காக மிஞ்சும் துண்டுகள் 17.7 கிலோ. அப்படியானால் தூள் 200.2 கிலோ இருக்க வேண்டும். தராசு காட்டியது சரியாக 200.

கணக்கு நேராகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அவரோ, "இவ்வளவு சரியா வந்தாத்தானுங்க சந்தேகம்" என்றார். கடைசலில் ஊற்றும் கூலன்ட் தூளோடு ஒட்டிக்கொண்டு வரும். மூட்டைகளைச் சல்லடைத் தொட்டியில் கொட்டி, இரவு முழுக்க வடியவிட்டு மறுநாள் நிறுத்தார்கள். 188 கிலோதான். அந்த ஈரம் 12 கிலோ பித்தளை குறைவதை மறைத்திருந்தது.

யாரும் உடனே திருட்டு என்று பேசவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. பட்டறைக்காரரைக் கூப்பிட்டு, அவரோடு போய் மெஷின் தட்டையும் கூலன்ட் தொட்டியின் அடியையும் வழித்தார்கள். வடித்து நிறுத்தபோது 7 கிலோ கிடைத்தது. மீதி சுமார் 5 கிலோ, அனுப்பியதில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. இவர்கள் முன்பே பேசி எழுதிவைத்திருந்த சேதாரம் அவ்வளவுதான்.

"அடுத்த வேலை ஏத்தறதுக்கு முன்னால தட்டை வழிச்சுர்றேனுங்கண்ணா" என்றார் பட்டறைக்காரர். அதே மெஷினில் அலுமினியம் ஓடினால் இரண்டு தூளும் கலந்துவிடும். இரும்பு என்றால் காந்தம் வைத்துப் பிரிக்கலாம். அலுமினியத்தை அப்படி எடுக்க முடியாது, பித்தளைத் தூளின் விலையே விழுந்துவிடும்.

பல இடங்களில் தூளைப் பட்டறையிலேயே விட்டுவிட்டுக் கூலியைக் குறைத்துக்கொள்கிறார்கள். அதுவும் நியாயமான ஏற்பாடுதான், ஆனால் வாய்ப்பேச்சாக இருக்கக் கூடாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி, பதிவுபெற்ற பட்டறை கழிவைத் தன் இடத்திலிருந்தே வரி கட்டி விற்கலாம். பதிவு இல்லையென்றால் பொருளுக்கு உரியவர் விற்க வேண்டும். அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்படும்.

கடைசலுக்குப் பொருள் கொடுப்பவர்கள் முதல் புஷ்ஷைப் பட்டறைக்காரரின் முன்னாலேயே நிறுத்து, கம்பி எடை, புஷ் எடை, சேதாரம் மூன்றையும் சலானிலேயே எழுதிக் கொடுங்கள். தூளை வடித்த பிறகே நிறுங்கள்.