ஆறு மணி முதல் ஏழரை வரை

முதல் நோட்டீஸில் "பயிற்சி" என்பதை "பயிர்ச்சி" என்று அடித்துக் கொடுத்துவிட்டார்கள். டியூஷன் விளம்பரத்தில் எழுத்துப்பிழை, அதுவும் ஐநூறு பிரதி. பேனாவால் திருத்த உட்கார்ந்து, அறுபதாவது நோட்டீஸில் கை வலித்து விட்டுவிட்டேன். அந்த விளம்பரத்தின் பெரிய பிழை அது இல்லை என்று தெரிய மூன்று மாதம் ஆனது.

நான் பி.எஸ்ஸி. இயற்பியல். ஒரு தனியார் பள்ளியில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு, அம்மாவைக் கவனிக்க முத்தையாபுரம் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். வருமானத்துக்கு டியூஷன் என்று முடிவு செய்ததும், தெருவில் ஒட்டியிருந்த நாலைந்து நோட்டீஸ்களைப் பார்த்து அப்படியே ஒன்று எழுதினேன். "கணிதம், அறிவியல் மாலை நேரப் பயிற்சி. 6 முதல் 10ஆம் வகுப்பு வரை. 100% தேர்ச்சி உறுதி. நேரம்: 7 முதல் 9 வரை." கீழே போன் நம்பர். அதில் என்னுடையது என்று சொல்ல அந்த நம்பர் மட்டும்தான்.

போன் வராமல் இல்லை. "போன வருசம் எத்தனை சென்டம்?" என்று கேட்டார்கள். இந்த வருடம்தான் ஆரம்பிக்கிறேன் என்றால், "அப்போ நூறு சதவீதம்னு எப்படிப் போட்டீங்க?" என்றார்கள். நியாயமான கேள்வி. மூன்று பிள்ளைகள் சேர்ந்தார்கள். மூவருமே துறைமுகத்தில் நிரந்தர வேலை பார்ப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகள். நான் இல்லாவிட்டாலும் தேறியிருப்பார்கள்.

செப்டம்பரில் ஒரு நாள் சாயங்காலம் ஒரு அம்மா பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். உப்பளத்தில் வேலை. காலில் உப்பு அரித்த வெள்ளை வெடிப்புகள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாராம். பையன் பத்தாவது, காலாண்டில் கணக்கு 19.

"இவன நோட்டீஸ வாசிக்கச் சொன்னேன் டீச்சர். ஒம்பது மணிக்கு முடியும்னு வாசிச்சான். அந்நேரம் நான் ஒறங்கிருவேன். விடியக்காலம் மூணு மணிக்கெல்லாம் அளத்துக்குப் போகணும். இவன் வந்து கதவத் தட்டுனா யாரு தெறப்பா?"

அடுத்து பீஸ் கேட்டார். மாதம் நானூறு என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "மழ வந்துட்டா மூணு மாசம் வேல கெடயாதே" என்றார்.

இங்கே வடகிழக்கு மழைதான் பெரிய மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாத்திகளில் தண்ணீர் நின்றுவிடும். பொங்கலுக்குப் பிறகு பாத்தியைச் சீர்செய்து மறுபடி உப்பு எடுப்பதற்குள் மேலும் நாளாகும். கடற்கரைப் பக்கம் போனால் இன்னொரு கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. புதுப் புத்தகம் வாங்கும் ஜூன் மாதத்தில் அந்த வீடுகளில் காசு இருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? இதே ஊரில் பிறந்தவள். நோட்டீஸ் எழுதும்போது மட்டும் எப்படியோ வேறு ஊர்க்காரியாகிவிட்டேன்.

மூன்றாவதாக அவர் கேட்டதுதான் என்னை மடக்கியது. "இவன் பாஸாயிருவானா?"

நோட்டீஸில் உறுதி என்று போட்டவள், பதில் சொல்லாமல் ஒரு தாளை எடுத்துப் பையனிடம் ஐந்து கணக்கு கொடுத்தேன். எல்லாம் ஆறாவது முதல் எட்டாவது வரை உள்ளவை. –3 –5 எவ்வளவு என்பதற்கு 8 என்று எழுதினான். "மைனஸும் மைனஸும் ப்ளஸ்" என்றான். பெருக்கலுக்குச் சொன்ன விதியைக் கூட்டலுக்குப் போட்டிருக்கிறான். (–3)² என்பதற்கு –9. அடைப்புக்குறி இருப்பதும் இல்லாததும் அவனுக்கு ஒன்றுதான். பின்னங்கள் சரி. பெருக்கல் வாய்ப்பாடு சுத்தம். ஆக, பையனுக்குக் கணக்கு வராமல் இல்லை. எட்டாம் வகுப்பில் ஓரிடத்தில் விட்ட குறி இரண்டு வருடமாக எல்லா விடையையும் கெடுத்துக்கொண்டிருந்தது.

அது எவ்வளவு கெடுக்கும் என்று வரைபடத்தில் காட்டினேன். y = x² + x – 2. x = –3 என்றால் 9 – 3 – 2, அதாவது 4 வர வேண்டும். அவன் கணக்கில் –9 – 3 – 2, அதாவது –14. இரண்டு பக்கமும் மேலே ஏற வேண்டிய வளைவு, அவன் தாளில் இடது பக்கம் கிணற்றில் இறங்கியது. சரியாகப் போட்டதையும் பக்கத்தில் வைத்தேன். அவன் அம்மாவே, "இது கிண்ணம் மாரி இருக்கு, அது ஒடிஞ்சு கெடக்கு" என்றார். இதைவிடத் தெளிவாக எந்த ஆசிரியரும் சொன்னதில்லை.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் நூறு மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. கடைசிப் பகுதியில் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா எட்டு. அந்தப் பதினாறு மட்டுமே தேர்ச்சியில் கிட்டத்தட்டப் பாதி. இரண்டிலும் ஸ்கேலும் காம்பஸும் பென்சிலும் பிடிக்கத் தெரிந்தால் பெரும்பகுதி வந்துவிடும், ஆனால் குறி தப்பக்கூடாது. அதனால் "பாஸாவான்" என்று சொல்லவில்லை. "டிசம்பர் வரைக்கும் தினமும் வரட்டும், குறி சரியாயிருச்சுன்னா பயமில்ல" என்றேன். உறுதி என்று என்னால் மனசாட்சியோடு சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

அறிவியலில் அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். "தெவிட்டிய கரைசல்" பாடத்தை நான் டம்ளரில் சர்க்கரை போட்டு விளக்க, "எங்கம்மா டிகிரி பாப்பாங்க டீச்சர்" என்றான். அளத்தில் கண்ணாடி மிதவையைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரி. பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவிட்டு 25 டிகிரி வரும்போது உப்பு விழத் தொடங்கும். ஏறக்குறைய பத்துக் குடம் கடல் தண்ணீர் ஒரு குடமாகச் சுருங்கியிருக்கும். முப்பதை நெருங்கினால் மெக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசக்கும், அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். அந்த டிகிரிக்குப் போமே அளவு என்று பெயர். அடர்த்தி = 145 ÷ (145 – டிகிரி). 25 போட்டுப் பார்க்கச் சொன்னேன். 145 ÷ 120, சுமார் 1.21. அவன் முதல்முறையாகக் கேட்காமலே அடுத்ததையும் போட்டான்.

அந்த வாரமே நோட்டீஸை மாற்றினேன். இந்தமுறை எழுதியதும் சத்தம்போட்டு வாசித்துப் பார்த்தேன். பல வீடுகளில் பிள்ளை வாசிக்க அம்மா கேட்பதுதான் வழக்கம். இடையில் ஒருவர், "பள்ளிக்கூடத்துல வேல பாக்குற ஒரு சாரு பேரயும் சேத்துப் போடுங்க, மதிப்பா இருக்கும்" என்றார். பள்ளி ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாதென்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அதனால்தான் பல நோட்டீஸ்களில் பெயர் இருப்பதில்லை. நான் என் பெயரையும் படிப்பையும் முழுதாகப் போட்டேன்.

"மாலை 6 முதல் 7.30 வரை. கணிதம், அறிவியல், 8 முதல் 10ஆம் வகுப்பு, தமிழ் வழி. ஒரு நேரத்தில் பன்னிரண்டு பேர் மட்டும். முதல் நாள் அடிப்படைக் கணக்குப் பார்த்து எங்கே விட்டிருக்கிறது என்று சொல்லப்படும், அதற்குக் கட்டணம் இல்லை. வரைபடமும் வடிவியலும் சனிக்கிழமை தனியாக. மாதம் ரூ.400. மழை மாதக் கட்டணத்தை உப்பு தொடங்கிய பிறகு தரலாம். மீன்பிடித் தடைக்காலத்துக்கும் அப்படியே."

அச்சகத்தில் கடைசி இரண்டு வரியை எடுத்துவிடச் சொன்னார்கள். "இதப் போட்டா யாரும் காசு தர மாட்டாவ." பன்னிரண்டு இடம் பத்தே நாளில் நிரம்பியது. இரண்டு வீடுகள் தரவில்லை என்பதும் உண்மை. அவர்கள் பிள்ளைகளும் கடைசி வரை வந்தார்கள்.

மார்ச் முதல் வாரம் அந்த அம்மா வந்து ஆயிரத்து இருநூறை மேசையில் வைத்தார். எல்லாம் பத்தும் இருபதும். பையன் அதற்குள் பழைய நோட்டீஸ் கட்டைப் பிரித்து, பின்பக்க வெள்ளையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தான். ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"டீச்சர், 'பயிர்ச்சி' தப்புதான?"