தேன் நிறக் கண்

செவ்வாய்

காரைக்குடிக் கல்யாணம் ஒன்றின் ஆல்பம் வேலை. காலை முகூர்த்தத்தில் பெண் தேன் நிற லென்ஸ் போட்டிருந்தாள். கண் உறுத்தியதால் மாலையில் கழற்றிவிட்டாள். ஆல்பத்தில் பெரிதாக வரப்போவது மாலையில் வளவில் எடுத்த படம்தான். “தம்பி, ரெண்டுலயும் கண்ணு ஒரே மாதிரி இருக்கணும்ப்பா” என்று பெண்ணின் அம்மா போனில் கேட்டார்கள்.

மாலைப் படத்தின் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முற்றத்தின் திறந்த வானம் கருவிழியின் மேல்பக்கம் வெள்ளைச் சதுரமாக விழுந்திருக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு தூணின் கறுப்புக் கோடுகூடத் தெரிகிறது. காலைப் படத்துக் கண்ணை வெட்டி ஒட்டினால் இந்த வானம் போய்விடும். தவிர, லென்ஸில் இருப்பது அச்சடித்த புள்ளிகள். இவளுடைய சொந்தக் கண்ணில் பாவையைச் சுற்றி மெல்லிய நார்கள் ஓடுகின்றன. அவற்றை இழக்க எனக்கு மனமில்லை.

புதன்

கரும்பழுப்புக் கண்ணில் நிறத்தை மட்டும் மாற்றினால் ஒன்றும் தெரியாது. Color என்ற கலப்பு முறை அடியிலுள்ள வெளிச்ச அளவை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் ஏற்றும். நார்கள் பிழைப்பது அதனால்தான். ஆனால் இருட்டின் மேல் எந்த நிறம் ஏற்றினாலும் இருட்டாகவே நிற்கும். அதனால் முதலில் வெளிச்சம்.

கருவிழிக்கு மட்டும் மாஸ்க் வரைந்தேன். பாவையை விட்டுவிட்டேன், வெளி விளிம்பின் கரும் வளையத்தில் பிரஷ்ஷை மென்மையாக்கினேன். Curves-இல் நிழல் பகுதியைத் தூக்கி, மேல்பகுதியை ஒரு புள்ளி வைத்துப் பிடித்துக்கொண்டதால் வானச் சதுரம் வெளுத்துப் போகவில்லை. இமை நிழலில் இருக்கும் வெள்ளை விழியைவிடக் கருவிழி பிரகாசமாகிவிட்டால் கண் விளக்குப் போட்டதுபோல் எரியும். அதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். RAW கோப்பு இருந்தது நல்லதாயிற்று. JPEG-ஐ இவ்வளவு தூக்கினால் நார்களுக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

அதன்மேல் தேன் நிற அடுக்கு, Color முறையில், 40 சதவீதம். உடனே வானச் சதுரத்தின் ஓரம் மஞ்சளடித்தது. Blend If-இல் Underlying Layer-இன் வெள்ளை முனையை Alt அழுத்திப் பிரித்து, ஒரு பாதியை 170-க்கும் மறுபாதியை 215-க்கும் நகர்த்தினேன். வெளிச்சமான இடங்களிலிருந்து நிறம் படிப்படியாக விலகி, வானம் பழையபடி வெள்ளையானது.

வியாழன்

இன்னும் கண் தட்டையாக இருந்தது. மேலிருந்து நுழையும் ஒளி கண்ணின் வளைந்த முன்பரப்பில் மடங்கி, கருவிழியின் எதிர்ப்பக்கத்தில் கூடுதலாக விழும். எனவே சதுரத்துக்கு நேர் எதிரே, கீழ்ப்பிறையில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டினேன். இமைக்கு அடியில் இருந்த நிழலைத் தொடவில்லை.

வலது கண்ணுக்குத் தனி மாஸ்க். இடது கண்ணைப் புரட்டி ஒட்டினால் வானம் தப்பான பக்கத்துக்குப் போய்விடும். காலைப் படத்தைப் பக்கத்தில் வைத்து, அச்சாகும் அளவில் பார்த்தேன். லென்ஸ் கண்ணைவிட இது ஒரு பிடி கருமையாகத்தான் இருக்கிறது. அம்மாவுக்கு அனுப்பி, இதற்குமேல் வெளுக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.