பதினைந்தாயிரத்துக்கு ஒரு ரசீது

பெங்களூரு அல்சூரில் மாலை வகுப்பு நடத்தும் சின்ன அறக்கட்டளை ஒன்றுக்கு ரசீது எழுதித் தருவது சில வருஷமாக என் வேலை. சம்பளம் கிடையாது, காபி உண்டு. நான் போவதற்கு முன் அவர்கள் கொடுத்துவந்த ரசீது இரண்டே வரிதான்: ‘ரூ.15000 நன்கொடையாக நன்றியுடன் பெற்றுக்கொண்டோம். 100% வரிவிலக்கு உண்டு.’

இதை வாங்கிய பெரியவர் ஒருவர் போன் செய்தார். “ஏம்ப்பா, நான் பிள்ளைங்க நோட்டுக்குன்னு சொல்லித்தானே அனுப்பினேன்? இது வாடகைக்குப் போகுதா, நோட்டுக்குப் போகுதா?” நியாயமான கேள்வி. பத்தாயிரம் நோட்டுக்கு, ஐந்தாயிரம் உங்கள் இஷ்டம் என்று அவர் பொருளாளரிடம் வாயால் சொல்லியிருந்தார். ரசீதில் அது ஏறவில்லை.

அவர் யுபிஐ மூலம் பணம் போட்டது 2025 மார்ச் 31. ரசீது எழுதியது ஏப்ரல் 4. தேதி என்று ஒரே ஒரு கோடுதான் இருந்தது. அதில் ஏப்ரல் 4 விழுந்துவிட்டது. அந்த நான்கு நாளில் நிதியாண்டே மாறிவிடுகிறது. பணம் வந்து சேர்ந்த நாள்தான் கணக்கு. ஆகவே ரசீதில் இப்போது இரண்டு தேதி உண்டு: பணம் வந்த தேதி, ரசீது எழுதிய தேதி. பக்கத்திலேயே வங்கிப் பரிமாற்ற எண்.

‘100% வரிவிலக்கு’ என்ற வரியை முதலில் அடித்தேன். 80ஜி அனுமதி பெற்ற இதுபோன்ற சாதாரண அறக்கட்டளைக்குக் கொடுத்தால் பாதிதான் கழிவு. அதாவது 15,000 கொடுத்தவர் 7,500 ரூபாயைத் தன் வருமானத்திலிருந்து கழிக்கலாம், வரியிலிருந்து அல்ல. அதற்கும் உச்சவரம்பு உண்டு. புதிய வரி முறையில் இருப்பவருக்கு அதுவும் கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. இத்தனையையும் ரசீதில் எழுத முடியாது. ‘80ஜி பிரிவின் நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று எழுதி, அனுமதி எண்ணைப் போட்டால் போதும்.

அந்தப் பெரியவருக்கு மாற்றி எழுதிய ரசீதின் நடுப்பகுதி இது:

‘தொகை: ரூ.15,000 (ரூபாய் பதினைந்தாயிரம் மட்டும்). இதில் ரூ.10,000 மாலை வகுப்புப் பிள்ளைகளின் நோட்டு, எழுதுபொருளுக்கு. மிஞ்சினால் அடுத்த ஆண்டு இதே செலவுக்கு. ரூ.5,000 பொதுச் செலவுக்கு (வாடகை, மின்கட்டணம், ஆசிரியர் ஊதியம்).’

‘மிஞ்சினால்’ என்ற அந்தத் துண்டுக்காகப் பொருளாளரம்மாவோடு ஒரு சின்ன வாக்குவாதமே நடந்தது. வேண்டாத வம்பு என்றார். ஆனால் நோக்கத்தை எழுத்தில் கொடுத்துவிட்டால் அந்தப் பணத்தை வேறெதற்கும் தொடக்கூடாது. மொத்தக் கடையில் மலிவாகக் கிடைத்து 600 ரூபாய் மிஞ்சினால் என்ன செய்வது? கொடுத்தவரிடமே கேட்டோம், சரி என்றார், எழுதினோம். நோக்கத்தை ரொம்பவும் இறுக்கி எழுதுவதும் தப்பு. ‘நான்கு கோடு நோட்டு வாங்க’ என்று எழுதினால் பென்சில் வாங்க வழியில்லை.

அரிசி மூட்டை கொடுப்பவர்களுக்குத் தனிச் சீட்டு. ‘25 கிலோ அரிசி’ என்று எழுதுவோம்; விலை போடமாட்டோம். பொருளாகக் கொடுத்ததற்கு 80ஜி கழிவு இல்லை. தொகையைப் போட்டால் இருக்கிறதென்று நினைத்துவிடுவார்கள்.

நன்றிக் கடிதம் தனித் தாளில் போகும். ரசீதுக்குள் உணர்ச்சியைக் கலந்தால் தொகை தொலைந்துபோகிறது. முன்பு ‘உங்கள் கருணையால் ஏழைக் குழந்தைகளின் வாழ்வில் ஒளி பிறந்தது’ என்று எல்லோருக்கும் ஒரே கடிதம். எனக்கு அது பிடிக்கவில்லை; பிள்ளைகளுக்கும் அது மரியாதை இல்லை. இப்போது இப்படி: ‘ஐயா, நீங்கள் அனுப்பிய பத்தாயிரத்தில் பள்ளி திறக்கும்போது நாற்பது பேருக்கு ஆளுக்கு 250 ரூபாய்க்கு நோட்டும் எழுதுபொருளும் வாங்குகிறோம். கடை பில்லின் நகலை அனுப்பிவைப்போம். நன்றி.’ வாங்கப்போவதை வாங்கிவிட்டதாக எழுதுவதில்லை.

இந்த ரசீது மட்டும் வைத்துக்கொண்டு வரிக் கழிவு கேட்கவும் முடியாது. 2021-22 நிதியாண்டு முதல், நன்கொடையாளர் பட்டியலை அறக்கட்டளை 10பிடி படிவத்தில் வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்து, ஒவ்வொருவருக்கும் 10பிஇ சான்றிதழ் எடுத்துத் தரவேண்டும். நிதியாண்டு முடிந்து வரும் மே 31 கெடு. பான் எண் இல்லையென்றால் அங்கேதான் சிக்கும். 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் அச்சடித்த ரசீதுகளில் பிரிவு எண்ணைத் திருத்தவேண்டும். ஆடிட்டரைக் கேட்டு அச்சடியுங்கள்.

கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணம் அனுப்பிய கையோடு பெயர், விலாசம், பான் எண், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்ற ஒரு வரி, இவற்றை வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பிவிடுங்கள். போனில் சொன்னால் ரசீது எழுதுகிறவருக்கு அது வந்து சேராது.