ஒரு பந்தின் எடை

இரவு 10:35. அமெரிக்காவில் ஒரு மாநில லாட்டரியின் குலுக்கல் அறை. 11 மணிக்கு டிவியில் மூன்று இலக்க எண் குலுக்கல். கையுறை போட்ட குமாஸ்தா ஒவ்வொரு பந்தாகத் தராசில் வைத்துக் கொண்டிருக்கிறார். மூன்று இயந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 9 வரை பத்துப் பந்துகள். ஆக முப்பது. ஒவ்வொன்றும் 2.70 கிராம் இருக்க வேண்டும். 0.03 கூடலாம், குறையலாம். அதற்கு மேல் கூடாது.

இரண்டாவது தொகுப்பின் 7-ம் எண் பந்து 2.76 காட்டியது. துடைத்து மறுபடி வைத்தார். அதே 2.76.

"சார், அந்த ஒரு பந்தை மட்டும் மாத்திட்டு ஏத்துங்களேன். நேரம் இல்லை" என்றார் மேலதிகாரி.

"மத்த ஒன்பதும் சேர்ந்தே தேஞ்சிருக்கு. புதுசு ஒண்ணு வந்தா அது மட்டும் தனியா நிக்கும். மாத்தினா பத்தையும் மாத்தணும்."

"டெஸ்ட் குலுக்கல் மூணும் சரியாத்தானே வந்துது?"

"பெரிய மோசடின்னா மூணுல தெரிஞ்சிடும். இவ்வளவு சின்ன வித்தியாசம் மூணுல தெரியாது, சார்."

கீழிருந்து வரும் காற்றுதான் பந்தைத் தூக்குகிறது. கனமான பந்து அடியிலேயே புரளும். லேசான பந்துதான் குழாயில் ஏறும். 1980 ஏப்ரல் 24 அன்று பென்சில்வேனியாவில் நடந்தது அதுதான். 4, 6 தவிர மற்ற எல்லாப் பந்துகளிலும் ஊசியால் பெயிண்ட் ஏற்றிவிட்டார்கள். ஆயிரம் எண்கள் எட்டாகச் சுருங்கின. அந்த எட்டையும் வாங்கிக் குவித்தார்கள். விழுந்தது 666. அந்த எட்டு எண்களில் மட்டும் பணம் குவிந்திருந்ததே அவர்களைக் காட்டிக் கொடுத்தது. குலுக்கலை அறிவித்த நிக் பெர்ரி சிறைக்குப் போனார்.

அன்று குமாஸ்தாவுக்குப் பத்து வயது. பிட்ஸ்பர்க்கில் அப்பா தினமும் ஒரு டாலருக்கு 713 வாங்குவார். அன்றும் வாங்கினார். "நம்ம ராசி அவ்வளவுதான்" என்று சீட்டைக் கிழித்துப் போட்டார். ராசி இல்லை, பெயிண்ட் என்று பின்னால்தான் தெரிந்தது.

குமாஸ்தா 7-ஐ உறையிலிட்டுத் தேதி எழுதினார். அந்தத் தொகுப்பைப் பூட்டி, முத்திரை எண்ணைப் பதிவேட்டில் குறித்தார். வேறொரு பெட்டியின் முத்திரையைத் தணிக்கையாளர் முன்னிலையில் உடைத்து, பத்துப் பந்துகளையும் எடை போட்டார். எடை மட்டும் பார்த்தால் போதாது. ஒரே எண் இரண்டு முறை இருந்தால் தராசுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகப் படித்தார். ஏற்றி முடிக்கும்போது 10:56.

11 மணிக்குப் பந்துகள் எழும்பின. 2... 9... 5.

713 வரவில்லை. ஆனால் வந்திருக்கலாம்.