பச்சை டிக்

"அனுப்பக் கட்டணம் இல்லை. நிமிடங்களில் அம்மா கையில்." இந்த ஆறு சொல்லையும் எழுதியவன் நான்தான்.

சிங்கப்பூரிலிருந்து தமிழ்நாட்டுக்குப் பணம் அனுப்பித் தரும் ஒரு நிறுவனத்துக்கான விளம்பரம் அது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும் கட்டடத் தொழிலாளர்களை மனத்தில் வைத்து, சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதினேன். நம்பிக்கை, வேகம் இரண்டும் தெரிய வேண்டும் என்றார்கள். கண்டாங்கிச் சேலை கட்டிய ஒரு அம்மாவின் படத்தைப் போட்டதோடு நம்பிக்கை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

கட்டணம் இல்லை என்பது பொய்யில்லை. லாபம் மாற்று விகிதத்துக்குள் இருந்தது. எனக்கு அது தெரியும், முதல் கூட்டத்திலேயே சொல்லியிருந்தார்கள். ஒரு கணக்குக்கு, சந்தையில் ஒரு வெள்ளி 64 ரூபாய் என்று வையுங்கள். நாங்கள் 62.90 கொடுப்போம். 800 வெள்ளி அனுப்பினால் ஊரில் 50,320 ரூபாய் சேரும். பக்கத்துக் கடையில் 5 வெள்ளி கட்டணம் பிடித்துக்கொண்டு, 63.80 விகிதத்தில் மீதி 795 வெள்ளியை மாற்றுவார்கள். அங்கே சேருவது 50,721 ரூபாய். கட்டணம் வாங்குகிறவனிடம் 401 ரூபாய் கூடுதல். இதை மறைக்கத்தான் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, "விகிதம் மாறுதலுக்கு உட்பட்டது" என்று எறும்பு எழுத்தில் கீழே வைத்தேன்.

அதைக்கூட வியாபாரம் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். என்னை மாட்டிவிட்டது வேகம்.

என் சித்தப்பா மகன் சிங்கப்பூரில் வெல்டர். அண்ணன் எழுதிய விளம்பரம் என்று பெருமையாக அதே செயலியை இறக்கினான். அதுவரை அவன் உண்டியலில் அனுப்பிக்கொண்டிருந்தவன். உண்டியல் சட்டவிரோதம்தான், ஆனால் பணம் சேர்ந்ததும் அந்த ஆள் போன் போட்டுச் சொல்லிவிடுவார். சித்தியின் நான்கு பவுன் சங்கிலி அடகில் இருந்தது, திங்கட்கிழமைக்குள் மீட்காவிட்டால் ஏலம். சனிக்கிழமை இரவு அனுப்பினான். திரையில் பச்சை டிக், பக்கத்தில் "அனுப்பியாச்சு!" அந்தச் சொல்லும் நான் எழுதியதுதான்.

இந்தியாவில் ஐஎம்பிஎஸ் முறை 2010 முதல் இருக்கிறது, ராத்திரி பகல், விடுமுறை எதுவும் அதற்குக் கிடையாது. விவரம் சரியாக இருந்தால் நிமிடங்களில் சேர்ந்தும் விடும். ஆனால் தம்பி கொடுத்தது பழைய பாஸ்புக் போட்டோவில் இருந்த ஐஎஃப்எஸ்சி குறியீடு. 2020-இல் பொதுத்துறை வங்கிகள் இணைக்கப்பட்ட பிறகு, பல கிளைகளின் குறியீடு மாறிவிட்டது. சித்தியின் கிளையும் அதில் ஒன்று. பணம் எங்கோ தட்டித் திரும்பி, ஐந்தாம் நாள் வெள்ளியாகவே அவனிடம் வந்தது. இதற்கிடையில் சித்தி ஐந்து வட்டிக்கு 50,000 வாங்கினார். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு கையில் கொடுத்தது 47,500.

"அண்ணே, டிக் விழுந்துச்சேண்ணே" என்றான் தம்பி போனில். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த டிக்குக்கு அர்த்தம், பணம் நிறுவனத்தைவிட்டுக் கிளம்பியது என்பது மட்டும்தான். கணக்கில் வரவானதற்கு வேறு ஒரு நிலை உண்டு, அது ஊர் வங்கி சொன்ன பிறகே தெரியும். இரண்டுக்கும் இரண்டு சொல் எழுதலாமா என்று நிறுவனத்தின் பையன் ஒருவன் என்னிடம் கேட்டிருந்தான். படிக்கிறவர்கள் குழம்பிவிடுவார்கள் என்று நான்தான் ஒன்றாக்கினேன். கட்டடம் கட்டுகிறவனுக்குக் கிளம்பியதற்கும் சேர்ந்ததற்கும் வித்தியாசம் புரியாதாம். எவ்வளவு திமிர்.

மறுவாரம் "கிளம்பியது", "கணக்கில் சேர்ந்தது" என்று பிரித்து எழுதிக் கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டார்கள். விளம்பரத்தில் "இன்று 800 வெள்ளிக்கு ஊரில் இத்தனை ரூபாய்" என்று போடலாம் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்கள். நானும் வற்புறுத்தவில்லை; அடுத்த பில் பாக்கி இருந்தது.

அதனால், அனுப்புகிறவர்களே, கட்டணம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். ஊரில் கையில் எத்தனை ரூபாய் வரும் என்று நாலு இடத்தில் கேளுங்கள். புதுக் கணக்கென்றால் முதலில் பத்து வெள்ளி மட்டும் அனுப்பி, வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்ததா என்று வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள்.