ஏற்காத ஏற்புரை

எங்கள் விழாக்களின் நிகழ்ச்சி நிரலை நீங்கள் ஒரு முறையாவது கையில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், பொன்னாடை போர்த்துதல், வாழ்த்து மடல் வாசித்துக் கையளித்தல், ஏற்புரை, நன்றியுரை. லண்டனானாலும் ரொறன்ரோவானாலும் சிட்னியானாலும் இந்த ஒழுங்கு பெரிதாக மாறுவதில்லை. இதில் ஏற்புரை வரும் இடத்தைக் கவனியுங்கள். கௌரவம் கொடுத்து முடிந்த பிறகுதான் அதைப் பெற்றவரின் கைக்கு ஒலிவாங்கி வருகிறது. ஏற்கிறீர்களா என்று கேட்கும் இடம் நிரலில் எங்குமே இல்லை.

லண்டனில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் இருபத்தாறு ஆண்டுகள் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றபோது, எனக்கும் அப்படியொரு விழா ஒழுங்காயிற்று. பொன்னாடை, மாலை, சட்டமிட்ட வாழ்த்து மடல், 'செம்மல்' என்று முடியும் ஒரு பட்டம். பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒன்றாகக் கண்டு விடைபெற எனக்கு ஆசை இருந்தது. கௌரவம் வேண்டாம் என்பதும் உறுதியாக இருந்தது. பிரியாவிடை கூட வேலை செய்தவர்களுக்கு இடையில் நடப்பது. கௌரவிப்பில் ஒருவர் மேலே நிற்பார், மற்றவர்கள் கீழே இருந்து பார்ப்பார்கள். முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை மட்டும் விடுவது எப்படி என்பதுதான் என் சிக்கல்.

மேடையில் வைத்து மறுப்பது எப்படி முடியும் என்பதை நான் முன்பே பார்த்திருந்தேன். வேறொரு விழாவில், பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்த முதியவரை, விழா நாயகர் கையை நீட்டித் தடுத்தார். எண்பது வயதுக்காரர் அந்தத் துணியைக் கையில் ஏந்தியபடி ஒரு நிமிடம் அப்படியே நின்றார். புகைப்படக்காரருக்கு எடுப்பதா விடுவதா என்று தெரியவில்லை. மறுத்தவரிடம் நல்ல காரணம் இருந்திருக்கலாம். மண்டபத்தில் இருந்தவர்களோ அதைக் கேட்கும் நிலையில் இல்லை. இருவருக்கும் இடையில் என்ன கோபம், எந்த அமைப்பில் யார் பக்கம் என்ற பேச்சு தேநீர் இடைவேளைக்கு முன்பே தொடங்கிவிட்டது. மறுக்கப்பட்டது கௌரவம். அடிபட்டது அதைக் கையில் கொண்டு வந்த மனிதர்.

இந்த நாட்டு அரசு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. மன்னரின் பெயரால் வழங்கும் விருதுகளின் பட்டியல் வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன், உரியவருக்கு ஒரு கடிதம் போகும்: உங்கள் பெயர் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது, ஏற்பீர்களா? வேண்டாம் என்று பதில் போட்டால் பெயர் பட்டியலில் வராது. வெளியில் யாருக்கும் தெரியவும் வராது. ஓவியர் லோரி ஐந்து தடவை இப்படி மறுத்தவர். சேர் பட்டமும் அதில் அடக்கம். கவிஞர் பெஞ்சமின் ஸெஃபனாயா 2003இல் தனக்கு வந்த விருதை மறுத்துப் பத்திரிகையில் பகிரங்கமாகவே எழுதினார். மௌனமா பகிரங்கமா என்பதை அவரவர் தெரிவு செய்யலாம். எங்கள் மேடைகளுக்கு அந்தக் கடிதம் வருவதில்லை. ஆகவே அதை நாங்களே எழுத வேண்டும்.

விழாவுக்கு ஆறு வாரங்கள் இருக்கையில் ஏற்பாட்டாளரை வீட்டுக்கு வரச் சொன்னேன். என் பழைய மாணவி ஒருத்தியின் தகப்பன். எனக்குத் தம்பி மாதிரி. விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ரீச்சர், சனத்துக்கு நாங்கள் என்னத்தைச் சொல்றது? அழைப்பிதழ் அடிச்சாச்சு. கௌரவிப்பு விழா எண்டு பெரிசாப் போட்டிருக்கு."

"நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம் தம்பி. நான் சொல்லுறன். நீங்கள் நிரலில இருந்து அதை மட்டும் எடுத்துவிடுங்கோ."

காரணத்தைக் கேட்டார். 1997இல் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, பத்தொன்பது பிள்ளைகளோடு இந்தப் பாடசாலையைத் தொடங்கியவர்கள் நாங்கள் நான்கு பேர். ஒருவர் தன் பழைய வானில் பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றி இறக்கினார். ஒருவர் இரவு வேலை முடித்து வந்து பாடத்தாள்களைக் கையால் எழுதிப் பிரதி எடுத்தார். ஒருவர் வாடகைப் பணத்துக்குக் கடைகடையாக ஏறி இறங்கினார். இருவர் இப்போது உயிரோடு இல்லை. மூன்றாமவர் கனடாவுக்குப் போய்விட்டார். கடைசிவரை நின்றது நான் என்பதால் பாடசாலையின் கதை என் கதையாக மாறிக்கொண்டு வந்தது. வாழ்த்து மடலின் முதல் வரைவில் என்னை 'நிறுவுநர்' என்றே எழுதியிருந்தார்கள்.

"அப்ப அவைக்கும் சேர்த்துக் குடுப்பம் ரீச்சர்" என்றார் தம்பி. இறந்தவர்களிடம் விருப்பம் கேட்க முடியாது, அவர்களின் குடும்பங்களை ஆறு வாரத்தில் மேடைக்கு இழுப்பதும் சரியில்லை என்றேன். கடைசியில் ஒன்றுக்கு இருவரும் உடன்பட்டோம். அந்த முதல் ஆண்டின் வரவு இடாப்பு என்னிடம் இருந்தது. அதை மண்டப வாசலில் ஒரு மேசையில் விரித்து வைப்பது. 'ஏற்புரை' என்ற சொல்லை வெட்டி 'பதிலுரை' என்று போடுவது. வாழ்த்துப்பா எழுதிக்கொண்டிருந்த பெரியவரிடம் நானே போய்ப் பேசினேன். அவர் முதலில் முகம் சுழித்தார். பிறகு, பாடசாலையைப் பாடுவதென்றால் தனக்கு இன்னும் வசதி என்றார்.

அதன் பிறகு பேச்சை எழுத உட்கார்ந்தேன். மேடையில் மூன்று நிமிடம் நிற்பதற்கு வீட்டில் மூன்று கிழமை போயிற்று. எழுதிய முதல் வரி, 'இந்தக் கௌரவத்துக்கு நான் தகுதியானவள் அல்ல.' எழுதிப் பார்த்ததும் வெட்டிவிட்டேன். தமிழ் மேடையில் அது மறுப்பு ஆகாது. ஏற்பின் முதல் படி அது. அவையடக்கம் என்று அதற்கு ஒரு பெயரும் நெடிய மரபும் உண்டு. பாற்கடலை நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனை என்று கம்பர் தன்னைச் சொன்னார். சொல்லிவிட்டுப் பத்தாயிரம் பாடல்களுக்கு மேல் பாடினார். தகுதியில்லை என்று நான் சொன்னால் சபை கைதட்டும், யாராவது எழுந்து, 'இந்தப் பணிவுக்கே பொன்னாடை' என்பார். பணிவாகப் பேசினால் எங்களிடம் தப்ப முடியாது. மறுப்பவர் தன் தகுதியைப் பற்றி வாயே திறக்கக்கூடாது.

அடுத்தது வினைச்சொல். 'மறுக்கிறேன்' என்றால் சண்டைக்கு வந்தது போலிருக்கிறது. 'ஏற்க இயலாது' என்றால், 'ஏன் இயலாது ரீச்சர், இயலும்' என்று கெஞ்ச இடம் கொடுக்கிறது. 'ஏற்றுக்கொள்ளவில்லை' என்று தீர்மானித்தேன். முடிந்துபோன காரியத்தைச் சொல்கிற மாதிரி, கோபமில்லாமல். 'ஆனால்' என்ற சொல்லையும் எடுத்தேன். 'உங்கள் அன்புக்கு நன்றி, ஆனால்' என்று தொடங்கினால், கேட்பவர் அந்த நன்றியை உடனே மறந்துவிடுவார். நன்றியைச் சொல்லி ஒரு முற்றுப்புள்ளி. பிறகு மறுப்பு. அதற்கு ஒரே ஒரு காரணம், அதுவும் என்னைப் பற்றியதாக மட்டும். பொன்னாடைக் கலாசாரம் பிழை என்று ஒரு வாக்கியம் சேர்த்தாலும், முன்வரிசையில் போன வருடம் பொன்னாடை பெற்றவர் இருப்பார். பெயர் சொல்லி நன்றி கூறினால் ஒருவராவது விடுபட்டு மனம் நோவார் என்பதால், வேலையைச் சொல்லி நன்றி சொல்வதென்று வைத்துக்கொண்டேன்.

பேசியது இதுதான்:

"எல்லாருக்கும் வணக்கம். இந்தக் குளிரில், சனிக்கிழமை பின்னேரத்தை எனக்காக ஒதுக்கி வந்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி.

அழைப்பிதழில் கௌரவிப்பு விழா என்று இருந்தது. ஏற்பாட்டுக் குழுவினர் மனமுவந்து தர நினைத்த பொன்னாடையையும் பட்டத்தையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்களிடம் முன்பே சொன்னேன். அவர்கள் என் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுத்தார்கள். எனக்கு இன்று கிடைத்த பெரிய மரியாதை அது.

காரணம் ஒன்றுதான். வாசலில் இருக்கும் இடாப்பைப் பாருங்கள். அதில் நான்கு விதமான கையெழுத்து இருக்கிறது. என்னுடையது அதில் ஒன்று. இன்று நான் மட்டும் இங்கே நின்று பெற்றுக்கொண்டால், பிள்ளைகளுக்கு இந்தப் பாடசாலையின் கதை பிழையாகப் போய்ச் சேரும்.

இனி நான் நன்றி சொல்ல வேண்டிய வேலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு சனியும் கதிரைகளை அடுக்கி, திங்கட்கிழமைக்கு முன் பழையபடி வைத்தவர்களுக்கு. இடைவேளையில் தேநீர் ஊற்றியவர்களுக்கு. உதைபந்தாட்டத்தை விட்டுவிட்டு 'ழ'கரம் படிக்க வந்த பிள்ளைகளுக்கு. அவர்களை இழுத்துக்கொண்டு வந்த அம்மா அப்பாமாருக்கு. என்னோடு படிப்பித்தவர்களுக்கு. வருகிற சனிக்கிழமை ஒன்பதரைக்கு வகுப்பு இருக்கிறது. நான் வரமாட்டேன், நீங்கள் வாருங்கள். வணக்கம்."

ஒரு கணம் மண்டபம் பேசாமல் இருந்தது. பிறகு கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று நான் ஆராயவில்லை. வெளியே போகும்போது இடாப்பைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது. முப்பது வயதைத் தாண்டிய ஒருவர் தன் பெயரைக் கண்டுபிடித்து, தன் மகளுக்கு விரலால் காட்டிக்கொண்டிருந்தார். வானில் வந்த கதையை அவர் அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

தேநீர் வரிசையில் ஒரு தாய் கைப்பையிலிருந்து ஒரு சால்வையை எடுத்தார். கம்பளிச் சால்வை. "இது பொன்னாடை இல்ல ரீச்சர், குளிருக்கு" என்றார். இரண்டு கையாலும் வாங்கி அப்போதே போர்த்திக்கொண்டேன். மேடையில் ஏற்காததற்குச் சொன்ன காரணம் அன்பளிப்புக்குப் பொருந்தாது. அதையும் திருப்பிக் கொடுத்திருந்தால் அது வெறும் வீம்பு.

எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். போன வருடம் அதே பட்டம் பெற்ற என் சக ஆசிரியர், நன்றியுரை முடியும் முன்பே எழுந்து போய்விட்டார். அவரைக் குறிக்கும் ஒரு சொல்லும் நான் பேசவில்லை. ஆனாலும் ஒருவர் எடுத்ததை இன்னொருவர் வேண்டாம் என்று வைக்கும்போது, எடுத்தவரின் கை கனக்கத்தான் செய்யும். எந்த வார்த்தையைத் தேடிப் பிடித்திருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். இரண்டு கிழமை கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். பட்டம் பற்றி இருவரும் பேசவில்லை. அவரது மனைவி ரொட்டி சுட்டுத் தந்தார். புறப்படும்போது அவர், ஐந்தாம் வகுப்புக்கு இலக்கணப் பயிற்சித் தாள்கள் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். அடுத்த நாளே கொண்டுபோய்க் கொடுத்தேன்.