எங்கடினில் அம்மாவின் ஒன்பது இரவுகள்: றூம், டிஸ்சார்ஜ், பில்

சுவிசில் பிறந்து வளர்ந்த எங்களில் பலருக்கு ஒரு வேலை பத்து வயதிலேயே கிடைத்துவிடும்: வீட்டுக்கு வரும் கடிதத்தைப் படித்து அம்மா அப்பாவுக்குச் சொல்வது. இப்ப எங்களுக்கே பிள்ளைகள் இருக்கினம். ஆனாலும் அந்த வேலை போகவில்லை, கடிதங்கள்தான் பெரிதாகிவிட்டன. அதில் மிகப் பெரியது ஆஸ்பத்திரிக் கடிதம்.

பெப்ரவரி விடுமுறைக்கு நாங்கள் குடும்பமாக எங்கடினுக்குப் போயிருந்தோம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அம்மாவுக்குத் திடீரென்று சுகமில்லாமல் போக, அம்புலன்ஸில் அங்குள்ள ஒரு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். என்ன வருத்தம், என்ன மருந்து என்பது இங்கே தேவையில்லை. டொக்டர்மாரையும் தாதிமாரையும் பற்றி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நான் எழுத வந்தது மற்றப் பக்கத்தை: றூம், வீட்டுக்கு விடுவது, பில்.

அம்மாவுக்கு 67 வயது. வைத்திருப்பது அடிப்படைக் காப்புறுதி மட்டும். வைத்தியசாலைப் பாஷையில் அதற்குப் பெயர் 'அல்கெமைன்', பொதுப் பிரிவு. பல கட்டில்கள் உள்ள றூம். இரண்டு கட்டில் றூம் 'ஹல்ப்பிரிவாட்', தனி றூம் 'பிரிவாட்'. இந்த இரண்டுக்கும் மேலதிகக் காப்புறுதி வேண்டும், இல்லாவிட்டால் கையிலிருந்து கட்ட வேண்டும்.

அன்று இரவு பொதுப் பிரிவில் கட்டில் இல்லை. விடுமுறைக் காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் ஊர்க்காரரைவிட வந்தவர்கள்தான் கூட. அதனால் அம்மாவை இரண்டு கட்டில் றூமில் விட்டார்கள். அடுத்த நாள் காலை அலுவலகப் பெண் ஒருவர் பேப்பரோடு வந்தார். அம்மா பேனையைக் கேட்டார்.

"அம்மா, பொறுங்கோ. நான் ஒருக்கா வாசிக்கிறன்."

"ஏன் பிள்ளை, ஆஸ்பத்திரிக்காரர் பிழையான பேப்பரே தருவினம்? கையெழுத்தைப் போட்டுக் குடுப்பம்."

பேப்பர் பிழையானதில்லை. ஆனால் அதில் இரண்டு விஷயம் ஒன்றாக இருந்தது. மேல்பாதி வழமையான பதிவு: பெயர், விலாசம், காப்புறுதி இலக்கம். கீழ்ப்பாதியில் ஒரு சின்னப் பெட்டி: 'உயர்ந்த பிரிவை விரும்புகிறேன், மேலதிகச் செலவை நானே ஏற்கிறேன்.' பார்க்க வேண்டிய சொல் 'மேர்கொஸ்டன்', அதாவது மேலதிகச் செலவு. இடமில்லாததால் வைத்தியசாலை தானாக உங்களை நல்ல றூமில் விட்டால் அதற்கு நீங்கள் கட்டத் தேவையில்லை. நீங்களாகக் கேட்டு, ஒப்பமும் வைத்தால்தான் அது உங்கள் செலவு. நான் அந்தப் பெட்டியைக் குறுக்கே வெட்டி, பக்கத்தில் 'அல்கெமைன்' என்று எழுதி, பிறகுதான் அம்மாவிடம் கொடுத்தேன். ரெலிபோனில் ஒரு படமும் எடுத்து வைத்தேன். செவ்வாய்க்கிழமை அம்மாவைப் பொதுப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

எனக்கு இருந்த அடுத்த பயம் மாநிலம். நாங்கள் இருப்பது பேர்ண் மாநிலத்தில், எங்கடின் இருப்பது கிறவுபுண்டனில். படுக்கை நோயாளியின் செலவில் 55 வீதத்தை அவர் வசிக்கும் மாநிலம் கொடுக்கிறது, 45 வீதத்தைக் காப்புறுதி கொடுக்கிறது. திட்டமிட்ட சிகிச்சைக்கு நீங்களாக வேறு மாநிலத்துக்குப் போனால், உங்கள் மாநிலம் தன் கணக்கிலுள்ள விலை வரைக்கும்தான் கொடுக்கும். அங்கே விலை கூட என்றால் மிச்சம் உங்கள் தலையில். ஆனால் அவசரத்தில் போனால் அந்த எல்லை இல்லை. வைத்தியசாலையே பேர்ணுக்கு எழுதி, 'கொஸ்டன்குட்ஷ்பிராஹ' என்ற பணப் பொறுப்புக் கடிதத்தை எடுத்துக்கொள்ளும். நாங்கள் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: பதிவில் 'அவசரம்' என்று போட்டிருக்கிறார்களா என்று கேட்பது. போட்டிருந்தார்கள்.

இனி டிஸ்சார்ஜ். வியாழக்கிழமை டொக்டர் வந்து, "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார். அம்மா உடுப்புகளை மடித்து வைத்துவிட்டார். ஆனால் நாங்கள் வெளியே வந்தது திங்கட்கிழமை.

காரணம் மருத்துவம் இல்லை. அம்மாவுக்கு வீட்டில் சில நாட்களுக்கு ஸ்பிட்டெக்ஸ் உதவி வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஸ்பிட்டெக்ஸ் எங்கள் ஊரில், பதிவு செய்ய வேண்டியது எங்கடினிலிருந்து. அதைச் செய்யும் சமூக சேவைப் பகுதிக்கு வெள்ளிக்கிழமை காலையில்தான் விஷயம் போய்ச் சேர்ந்தது. எங்கள் ஊர் அலுவலகம் மத்தியானத்தோடு பூட்டு, திங்கட்கிழமைதான் ஆள் வரும் என்றார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அம்மா கோட்டும் சப்பாத்தும் கட்டிலுக்குக் கீழே இருக்க, யன்னலுக்கால் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்குத் திங்கள் பள்ளிக்கூடம். மனுசி அவர்களோடு ஞாயிறே ரெயினில் போனார், நான் லீவு நீட்டினேன்.

அப்ப என் மனதில் ஓடியது ஒரு கேள்விதான்: இந்த மூன்று இரவுக்கும் யார் காசு கட்டுவது? இதன் விடை எங்களுக்கே புதிதாக இருந்தது.

2012 இலிருந்து சுவிசில் வைத்தியசாலைக்கு நாள் கணக்கில் கொடுப்பதில்லை. ஒரு நோயாளிக்கு ஒரு விலை. வருத்தமும் சிகிச்சையும் எந்த வகை என்று பார்த்து ஒரு குறியீடு கொடுப்பார்கள். அந்தக் குறியீட்டுக்கு ஒரு எடை இருக்கும். அந்த எடையை வைத்தியசாலையின் அடிப்படை விலையால் பெருக்கினால் பில் வந்துவிடும். ஒரு எல்லைக்குள் ஆறு இரவு இருந்தாலும் ஒன்பது இரவு இருந்தாலும் ஒரே விலைதான். மிகக் குறைவாகவோ மிக நீளமாகவோ இருந்தால் மட்டும் மாறும். ஆக, அந்த மூன்று இரவும் பெரிய பில்லைக் கூட்டவில்லை. எங்களுக்குக் கூடியது நாளுக்கு 15 பிராங் படி 45 பிராங் மட்டும். அந்த 15 பிராங், படுக்கை நோயாளி நாளாந்தம் தன் பங்காகக் கட்டுவது.

ஆனால் காத்திருப்பு நீண்டால் கதை வேறு. 'வைத்தியசாலைச் சிகிச்சை இனித் தேவையில்லை, போக இடம்தான் இல்லை' என்று எழுதிவிட்டால், அன்றிலிருந்து பராமரிப்பு இல்லத்துக்குரிய முறையில் கணக்கு ஓடலாம். அதில் காப்புறுதி பராமரிப்புக்கு ஒரு பங்குதான் கொடுக்கும், தங்கும் செலவும் சாப்பாடும் நோயாளியுடையது. வயது போன அம்மா அப்பாவுக்கு ஒரு இல்லத்தில் இடம் தேடிக் காத்திருக்கும் குடும்பங்கள் மாட்டுப்படுவது இங்கேதான். அதனால் வெள்ளிக்கிழமை பின்னேரமே நான் கேட்டேன்: "அம்மா இன்றைக்கும் அக்கூட் நோயாளியாகத்தான் பதிவில் இருக்கிறாவா? மாறினால் அன்றைக்கே எங்களுக்கு எழுத்தில் சொல்லுவீங்களா?" ஓம் என்றார்கள், மாறவும் இல்லை. இன்னொரு தரம் யாரும் எங்கள் வீட்டில் படுத்தால், முதல் நாளே "டிஸ்சார்ஜ் ஒழுங்கை யார் பார்க்கினம்?" என்று கேட்டு அவரின் ரெலிபோன் நம்பரை வாங்கிவிடுவேன். வாங்கினால் வெள்ளிக்கிழமை வேலை செவ்வாய்க்கிழமையே தொடங்கும்.

ஆறு கிழமைக்குப் பிறகு கடிதங்கள் வந்தன. பெரிய பில் காப்புறுதிக்கும் மாநிலத்துக்கும் நேரே போகும். 2022 இலிருந்து அதன் பிரதியை வைத்தியசாலை கேட்காமலே எங்களுக்கு அனுப்ப வேண்டும், அது சட்டம். அதில் நான் பார்த்தவை நான்கு: வந்த திகதி, போன திகதி, 'அவசரம்' என்ற குறி, பிரிவு 'அல்கெமைன்'. குறியீட்டின் மற்ற எழுத்துகள் எங்களுக்கு விளங்கத் தேவையில்லை.

கணக்குச் சுலபத்துக்காக வட்டமாகச் சொல்கிறேன். மொத்தம் 9,000 பிராங் என்று வையுங்கள். மாநிலத்தின் 55 வீதம் 4,950. காப்புறுதியின் 45 வீதம் 4,050. அம்மாவின் சொந்தப் பொறுப்பு இந்த 4,050 இல் இருந்துதான் தொடங்கும், 9,000 இல் இருந்து இல்லை. அம்மாவின் பிரான்சீஸ் 300. அந்த வருடம் அதுவரை ஒரு பில்லும் வராததால் முழுதாகப் போகும். மிச்சம் 3,750 இல் பத்து வீதம் 375. இந்தப் பத்து வீதம் பெரியவர்களுக்கு வருடத்தில் 700 பிராங்குக்கு மேல் போகாது. பிறகு 15 பிராங் படி ஒன்பது நாள், 135. எல்லாம் சேர்த்து 810 பிராங்.

ஏன் ஒன்பது, ஏன் பத்து இல்லை? சனியிலிருந்து அடுத்த திங்கள் வரை விரலில் எண்ணினால் பத்து நாள் வரும். ஆனால் வீட்டுக்குப் போகும் நாளுக்கு 15 பிராங் இல்லை, இதுவும் 2022 இலிருந்து. 25 வயது வரை படிக்கும் பிள்ளைகளுக்கும், பிரசவத்துக்குப் போகும் தாய்மாருக்கும் இந்த 15 பிராங்கே இல்லை. சின்னப் பிள்ளைகள் என்றால் பத்து வீதமும் வருடத்தில் 350 உடன் நிற்கும். பிள்ளையோடு நீங்கள் தங்கினால் உங்கள் கட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும் இடத்துக்கு இடம் விலை வேறு, முன்கூட்டியே கேளுங்கள்.

அம்புலன்ஸ் காசு தனிக் கடிதம். அடிப்படைக் காப்புறுதி அதில் பாதியைத்தான் ஏற்கும், அதுவும் வருடத்துக்கு 500 பிராங் வரை. மிச்சம் நாங்கள் கட்டினோம். அதில் பிழை ஒன்றும் இல்லை.

பிழை மூன்றாவது உறையில் இருந்தது. வைத்தியசாலையிலிருந்து நேரே அம்மா பெயருக்கு: 'றூம் மேலதிகம், மூன்று இரவு, 450 பிராங், 30 நாளுக்குள்.' சனி, ஞாயிறு, திங்கள். இடமில்லை என்று அவர்களே விட்ட அதே இரண்டு கட்டில் றூம். அம்மா அன்று மாலையே போஸ்டுக்குப் போகத் தயார்.

"கட்டிவிடுவம் பிள்ளை. நல்லாத்தானே பாத்தவை. காசுக்காகச் சண்டையே?"

"சண்டை இல்லையம்மா. ஒரு பேப்பர் கேக்கப்போறன்."

கணக்குப் பகுதிக்கு ரெலிபோன் எடுத்து ஒரே ஒரு விஷயம் கேட்டேன்: அம்மா மேலதிகச் செலவை ஏற்று ஒப்பம் வைத்த தாளின் பிரதி. அனுப்புகிறோம் என்றார்கள். இரண்டு கிழமை ஒன்றும் வரவில்லை. திகதி முடிய முன் அதையே எழுத்தில் கேட்டு, என் படத்தையும் இணைத்து அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது: பில் இரத்து. மன்னிப்போ விளக்கமோ இல்லை, ஒரு வரிதான்.

இந்த அனுபவத்துக்கு நான் போடும் மதிப்பீடு இது. பெரிய பில் தெளிவு, கணக்குச் சரி. டிஸ்சார்ஜ் ஒழுங்கு மோசம். றூம் கணக்கு, கேட்டபிறகுதான் சரி. பிழை காப்புறுதியின் கணக்கில் என்றால் லுட்சேர்னில் இருக்கும் மருத்துவக் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகக் கேட்கலாம். வைத்தியசாலையின் பில் என்றால் வைத்தியசாலையோடுதான் எழுத வேண்டும். 2024 நவம்பர் வாக்கெடுப்பில் ஏற்றுக்கொண்ட மாற்றத்தின்படி 2028 இலிருந்து அந்த 55–45 பிரிப்பு மாறும். றூம் பேப்பரில் உள்ள சின்னப் பெட்டியை அப்பவும் யாராவது வாசித்துத்தான் கையெழுத்து வைக்க வேண்டும்.